எஸ்.ஜி.பி.டி. சொல்லாத சேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும் என்று பயப்படத் தேவையில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் பல வருஷம் மருந்தியல் நடத்தியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்தப் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிகிற பொருள். செல்களுக்கு அடி பட்டிருக்கிறதா என்று அது சொல்லும். மருந்தை ஈரல் எவ்வளவு வேகமாக அகற்றுகிறது என்று சொல்லாது. சிறுநீரகத்துக்கு கிரியாட்டினினை வைத்துக் கணக்குப் போட்டு மருந்தின் அளவைக் குறைக்கிறோம். ஈரலுக்கு அப்படி ஓர் எண் இல்லை. காரணம், ஈரலில் மருந்தின் வேகத்தைத் தடுக்கும் இடம் ஒன்றல்ல, இரண்டு. எது தடுக்கிறது என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

நெல் அரைக்கும் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மிஷின் பெரியது, வருகிற மூட்டையெல்லாம் அப்போதைக்கப்போது அரைபடுகிறது என்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி என்பதை வண்டிகள்தான் முடிவு செய்யும். மிஷின் நோஞ்சானாக இருந்தால் வாசலில் எத்தனை வண்டி நின்றாலும் ஒன்றுதான். ஈரலுக்கு வண்டி ரத்த ஓட்டம், மிஷின் மருந்தைச் சிதைக்கும் நொதிகள். நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஈரலுக்குள் போகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக வருவது. உள்ளே போன மருந்தில் ஒரே சுற்றில் எத்தனை பங்கு அகற்றப்படுகிறதோ, அதுதான் எக்ஸ்ட்ராக்‌ஷன் ரேஷியோ. அதை ரத்த ஓட்டத்தால் பெருக்கினால் கிளியரன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் மருந்தில்லாமல் சுத்தமாகிறது என்ற கணக்கு.

1970-களில் வில்கின்சன், ஷாண்ட் போன்றவர்கள் நிலைநாட்டிய சூத்திரம் ஒன்றே ஒன்றைத் தருகிறேன். Q ரத்த ஓட்டம், C நொதிகளின் சொந்தத் திறன்:

E = C / (Q + C)

லிக்னோகெயினை எடுத்துக்கொள்வோம். பல் டாக்டர் மரத்துப்போகப் போடும் அதே மருந்துதான். இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகவும் ஏற்றுவார்கள். கணக்கு எளிதாக இருக்க Q ஒன்றரை லிட்டர், C மூன்று லிட்டர் என்று வைக்கிறேன். E மூன்றில் இரண்டு பங்கு. கிளியரன்ஸ் நிமிஷத்துக்கு 1 லிட்டர். நிமிஷத்துக்கு 3 மி.கி. ஏற்றினால் ரத்தத்தில் லிட்டருக்கு 3 மி.கி.யில் வந்து நிற்கும். வேண்டிய அளவு ஏறக்குறைய 1.5 முதல் 5 வரை, ஆகவே பிரச்சினை இல்லை.

இப்போது நோயாளிக்கு இதயம் பலவீனமாகி, ஈரலுக்குப் போகும் ரத்தம் பாதியாகிறது. ரத்தம் மெதுவாகப் போவதால் நொதிகளுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்து E ஐந்தில் நான்கு பங்காக ஏறும். ஆனால் அந்த ஏற்றம் இழப்பை ஈடுகட்டப் போதாது. கிளியரன்ஸ் 0.6 லிட்டராக இறங்கிவிடும். அதே சொட்டு வேகத்தில் ரத்த அளவு 5-ஐத் தொடும். ஈரல் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவே இருக்கலாம். வண்டிதான் குறைந்தது. முதல் சில மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது, அளவு மெல்லத்தான் ஏறும். பிறகு உதடும் நாக்கும் மரத்துப்போகும், பேச்சு குழறும், தசைகள் துடிக்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும். "தாத்தா ஏதோ உளறுகிறார், தூக்கமில்லை போலிருக்கிறது" என்று வீட்டார் சொல்லும்போது நர்ஸ் முதலில் பார்க்க வேண்டியது சொட்டு வேகத்தை.

எதிர்முனையில் இருப்பது வார்ஃபரின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது. ஒரு சுற்றில் இதில் நூற்றில் ஒரு பங்குகூட ஈரலில் சிக்காது. கிளியரன்ஸ் நிமிஷத்துக்குச் சில மில்லிலிட்டர்தான். ரத்த ஓட்டம் பாதியானாலும் அந்தக் கணக்கு அசையாது. நொதி அசைந்தால் மட்டும் அப்படியே அசையும். நம் ஊரில் இதை அசைக்கும் மருந்து காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். அது ஈரலை மேலும் மேலும் நொதி செய்யவைக்கும். இதய வால்வு மாற்றிய ஒருவருக்குத் தினம் 5 மி.கி. வார்ஃபரின் போதுமாக இருந்திருக்கும். காசநோய் மாத்திரை தொடங்கிய இரண்டொரு வாரத்தில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சரியும். அளவை இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே ஏற்ற வேண்டி வரும். இதை டாக்டர்கள் பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்கள். ஆபத்து ஆறு மாதம் கழித்துத்தான். காசநோய் குணமாகி ரிஃபாம்பிசின் நின்றதும், இரண்டு மூன்று வாரத்தில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். வார்ஃபரின் மட்டும் ஏற்றிய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், கருத்த மலம் என்று ஆரம்பிக்கும். காசநோய் மாத்திரையை நிறுத்துவது ஓர் இடம், ஐ.என்.ஆர். பார்ப்பது வேறோர் இடம். இருவருக்கும் நடுவே நோயாளி மட்டும்தான் இருக்கிறார். நிறுத்திய பிறகு வாராவாரம் ஐ.என்.ஆர். பார்த்து, வார்ஃபரினைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

மாணவர்கள் எப்போதும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஈரலில் அதிகம் சிக்கும் மருந்துக்கு நொதி முக்கியமில்லை என்று எழுதிவிடுவார்கள். நரம்பில் ஏற்றினால் அது ஏறக்குறைய சரிதான்: மேலே சொன்ன கணக்கில் நொதித் திறன் இரட்டித்தாலும் ரத்த அளவு 3-லிருந்து 2.5-க்குத்தான் இறங்கும். வாய்வழி விழுங்கும் மருந்தானால் கதை வேறு. அது உடம்பைச் சுற்றப் போகுமுன்பே ஈரலைத் தாண்ட வேண்டும். நொதித் திறன் இரட்டித்தால், மூன்றில் ஒரு பங்கு தப்பித்துக்கொண்டிருந்த இடத்தில் இனி ஐந்தில் ஒன்றுதான் தப்பும். தப்பியதும் முன்னைவிட வேகமாக அகலும். இரண்டும் சேர்ந்து சராசரி ரத்த அளவு சரிபாதியாகும். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் ப்ரோப்ரனலாலை நரம்பில் 1 மி.கி. என்றும் மாத்திரையாக 40 மி.கி. என்றும் கொடுப்பதற்கு இந்த முதல் சுற்று இழப்பு பெரிய காரணம். ஒரே மருந்துக்கு ஊசியில் வண்டி எஜமான், மாத்திரையில் மிஷின் எஜமான்.

ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படும் சிரோசிஸில் இந்தப் பிரிவினை இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே நொதியும் குறையும், ரத்தமும் ஈரலுக்குள் போகாமல் பக்கவழியில் ஒழுகும். பக்கவழியில் போன மாத்திரை முதல் சுற்றைச் சந்திக்காமலே உடம்பில் கலந்துவிடும். அதனால் அவர்களுக்கு ப்ரோப்ரனலாலைச் சிறு அளவில் தொடங்கி, நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து ஏற்றுகிறார்கள்.

அடுத்த இதழில் இடமிருந்தால் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இடம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு, காசநோய் மாத்திரை முடித்த வார்ஃபரின் நோயாளிகளைப் பற்றிய பகுதியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்