அந்த 60 சதவீதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருது வாங்கிய ஊழியரைப் பாராட்டி நிறுவனம் எப்படிப் பதிவு எழுத வேண்டும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒருவர் வகுப்பு எடுத்திருந்தார். "வாசகருக்கு ஒரு நாயகன் போதும், குழுவுக்குக் கடைசியில் ஒரு நன்றி சொன்னால் சரி" என்கிறார். அதற்குச் சாட்சியாக ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 2002இல் வேதியியல் நோபல் வாங்கிய கோய்ச்சி தனாகாவை இழுத்து வந்து, "தனியொருவராகச் சாதித்தவர்" என்றும் எழுதிவிட்டார்.

தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஆண்டுப் பரிசில் பாதி சுவிட்சர்லாந்தின் குர்ட் வூத்ரிச்சுக்குப் போனது. மீதிப் பாதியைத் தனாகாவும் அமெரிக்காவின் ஜான் ஃபென்னும் பகிர்ந்துகொண்டார்கள். ஆகத் தனாகாவுக்குக் கால் பங்கு. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் எடைபோடும் அவர் வழியை உலகுக்குச் சொன்ன 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரையும் சேர்த்துப் பல பெயர்கள். உலோகத் தூளில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டு, கொட்ட மனசில்லாமல் சோதித்துப் பார்த்தது தனாகாதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கலவையில் பிறந்த சமிக்ஞையைப் பிடிக்க ஒரு கருவி வேண்டுமே? அதைக் கட்டியதில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. நோபல் மேடையில் அவரே தன் சகாக்களைச் சொன்னார். நம் கட்டுரையாளருக்குத்தான் அவர்கள் தேவைப்படவில்லை.

இதற்கு இவ்வளவு கோபமா என்று நினைப்பீர்கள். நான் கோவையில் ஒரு பம்ப் ஃபவுண்ட்ரியின் மனிதவளப் பிரிவில் 27 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். இந்த மாதிரிப் பதிவுகளுக்கு முதல் வரைவு எழுதுவது என் வேலை. அதைக் கெடுப்பது மேலே இருந்தவர்களின் வேலை.

2016இல் எங்கள் மணல் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவருக்கு விருது கிடைத்தது. ஒரு தொழில் அமைப்பு மண்டல அளவில் தருவது, அதில் இரண்டாம் நிலை. காரணம், ஒரு மோல்டிங் வரிசையில் ஊதுதுளை விழுந்து கழிந்த பம்ப் கூடுகள் 100க்கு 8ஆக இருந்தது, மூன்று மாதத்தில் 5ஆக இறங்கியது.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரும்பை ஊற்றி முடித்த மணல் அச்சை உடைத்து, அதே மணலைத் தண்ணீர் சேர்த்துத் திரும்பக் கலந்து பயன்படுத்துவோம். இரவு ஷிஃப்ட்டின் பின்பாதியில் அந்த மணல் ஆற நேரமில்லாமல் சுற்றும். 50 டிகிரிக்கு மேல் சூடான மணலில் ஈரம் நிற்காது. மிக்சரில் எடுத்த சோதனையில் சரியாக இருக்கும், மோல்டிங் மெஷினுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். காய்ந்ததே என்று ஆபரேட்டர் கூடுதலாகத் தண்ணீர் விடுவார். அடுத்த சுற்றில் அது அதிகமாகி, உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி உள்ளே துளை போடும். மேற்பார்வையாளர் செய்தது இரண்டு காரியம். ஈரச் சோதனையை மிக்சரிலிருந்து மோல்டிங் மெஷின் பக்கம் மாற்றினார். மணல் தொட்டி பாதிக்குக் கீழே போகாமல் பார்க்கச் சொன்னார், மணல் ஆறுவதற்கு.

ஆனால் கோளாறு இரவின் பின்பாதியில்தான் என்று முதலில் சொன்னது அவர் அல்ல. காலையில் காஸ்டிங்கைத் தட்டித் தேய்க்கும் ஃபெட்லிங் பெண்கள். துளை விழுந்ததில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஓரமாக அடுக்கி வைத்தவர்கள், "கடைசியா வர்ற நாலு காஸ்டிங் தொட்டியிலதான் சார் இத்தனையும்" என்றார்கள். மூன்று ஷிஃப்ட்டும் மணலைக் கையில் பிடித்துக் குறித்து வைத்தது லேபில் இருந்த இரண்டு பையன்கள்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "எங்கள் மணல் பிரிவு மேற்பார்வையாளர் மண்டல அளவிலான விருதில் இரண்டாம் நிலை பெற்றிருக்கிறார். அவர் ஈரச் சோதனை நடக்கும் இடத்தை மாற்றியதாலும் தொட்டி அளவைக் கட்டுப்படுத்தியதாலும், ஒரு வரிசையில் கழிவு மூன்று மாதத்தில் 100க்கு 8இலிருந்து 5ஆகக் குறைந்தது. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கண்டு சொன்னவர்கள் ஃபெட்லிங் பிரிவினர். ஷிஃப்ட்தோறும் சோதனை செய்தவர்கள் மணல் லேபினர். இதே மாதங்களில் துளை அதிகம் விழும் ஒரு மாடல் உற்பத்தியில் இல்லை. குறைவில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்."

போட்டது என்ன தெரியுமா? "தென்னிந்தியாவின் தலைசிறந்த மேற்பார்வையாளர். கழிவு 60 சதவீதம் குறைப்பு. எங்கள் தளராத குழுவுக்கு நன்றி." மண்டலம் தென்னிந்தியா ஆனது, இரண்டாம் நிலை காணாமல் போனது. 60 எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். குறைந்த 3ஐப் பழைய 8ஆல் வகுக்காமல் புதிய 5ஆல் வகுத்திருக்கிறார்கள். சரியாகப் போட்டால் 37.5. மாடல் பற்றிய வரியை "நமக்கு நாமே குழி தோண்டுவதா?" என்று வெட்டினார்கள். ஃபெட்லிங் பெண்களை வெட்டியதற்குச் சொன்ன காரணம், அவர்கள் கான்ட்ராக்ட், நம் ஊழியர்கள் அல்ல. இரும்புத் தூசியை மூக்கில் வாங்கும்போது அது யாருக்கும் நினைவு வந்ததில்லை.

குழுவுக்கு நன்றி சொல்லத்தானே செய்தார்கள் என்று கட்டுரையாளர் கேட்பார். யார், என்ன செய்தார்கள் என்று இல்லாத நன்றியை நான் நன்றியில் சேர்ப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் நன்றி சொல்லி மைக்கை வைத்துவிடும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அது. வேடிக்கை என்னவென்றால், அதிகம் அவமானப்பட்டவர் விருது வாங்கியவர். கேன்டீனில் "வாங்க தென்னிந்தியா" என்று கூப்பிட்டே அவரை நோகடித்தார்கள். மறு வருடம் கழிவு ஆறுக்கு ஏறியபோது, "60 குறைச்சவர் எங்க?" என்று மேலாளரே கேட்டார். அப்புறம் அவர் எந்த விருதுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

இதே வம்புதான், ஊழியர்கள் சிறு அணிகளாகக் கூடி வேலைக் குறைகளைத் தீர்க்கும் தரவட்டங்களின் மாநாடுகளிலும். அங்கே தங்கம் என்பது ஓட்டப்பந்தயத் தங்கம் அல்ல, குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய அணிகள் அத்தனைக்கும் கிடைக்கும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் "முதலிடம்" என்று ஃப்ளெக்ஸ். ஒரே பிரிவில் எத்தனை முதலிடம் என்று எந்த நிருபரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தங்கள் நாளிதழும் கேட்கவில்லை. எங்கள் நிறுவனத்தின் அந்தப் பதிவைத் தாங்கள் மாவட்டப் பக்கத்தில் 60 சதவீதத்தோடு அப்படியே செய்தியாக வெளியிட்டீர்கள். மறுவாரமே கணக்கை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன். பதில் இல்லை. இடமில்லாமல் இருந்திருக்கும். அந்த வாரம் ஜோதிடத்துக்கு ஒரு பக்கம் கூடுதலாக வந்திருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தத் தொடரின் அடியில், தனாகா பெற்றது கால் பங்கு, கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இல்லை என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் 60க்குப் பதில் 37.5 என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபெட்லிங் பெண்களில் இரண்டு பேர் இன்னும் அதே கொட்டகையில்தான் இருக்கிறார்கள். பத்திரிகையை நானே கொண்டுபோய்க் காட்டிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற எழுத்தர்,
கோயம்புத்தூர்.