மொட்டை மாடிக் கசிவு: வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்கு ஓர் அழைப்பு

எங்கள் குடியிருப்பைக் கட்டித் தந்த நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு, வணக்கம்.

மொட்டை மாடியிலிருந்து மேல்தள வீடுகளுக்குள் இறங்கும் நீர்க்கசிவு பற்றி நமக்குள் கடிதங்கள் போய் வந்துவிட்டன. அடுத்தது வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அடுத்தது வழக்கு என்ற இடத்தில் நிற்கிறோம். அதற்கு முன்னால் ஒரு சமரசர் முன்னிலையில் உட்கார்ந்து பேசலாம் என்று சங்கத்தின் சார்பில் உங்களை அழைக்கிறேன். உங்கள் பங்குதாரர்கள் எல்லோரும், எங்கள் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வாசகத்தைப் படிக்க வேண்டும் என்பதால்தான் இது திறந்த மடலாக வருகிறது. இப்படிப் பொதுவில் எழுதியதைப் பிறகு ரகசியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே எவ்வளவு கேட்போம், எதை விட்டுக்கொடுப்போம் என்ற பேச்சை இதில் எடுக்கவில்லை. அதைச் சமரச அறையில் வைத்துக்கொள்வோம்.

முதலில், நமக்குள் எதில் கருத்து வேறுபாடு என்பதை இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும்படி சொல்லிப் பார்க்கிறேன். கசிவு இருக்கிறது, அதை நீங்கள் மறுக்கவில்லை. மாடியில் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை என்பது எங்கள் தரப்பு. சோலார் தகடுகளின் கால்களை நிறுத்த வீட்டுக்காரர்கள் தளத்தில் துளை போட்டதால் பூச்சு கிழிந்தது என்பது உங்கள் தரப்பு. உங்கள் பொறியாளர் காட்டிய இரண்டு வீடுகளில், கறை சரியாக அந்தக் கால்களுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஆனால் மூலை வீட்டுக்கு மேலே தகடு எதுவும் இல்லை. அங்கே படுக்கையறைக் கூரையில் ஓதம் ஏறி, காரை உப்பி, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது. கறை கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. ஆக, இரண்டு காரணங்களும் ஒரே மாடியில் சேர்ந்தே இருக்கலாம். எந்த இடத்துக்கு எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அதைச் சமரசர் செய்ய மாட்டார். அவர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல, நம்மைப் பேச வைப்பவர். காரணத்தைக் கண்டறிய, இரு தரப்புக்கும் முன் தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரைச் சேர்ந்து நியமிப்போம், கட்டணத்தைப் பாதிப்பாதி ஏற்போம். மாடியைப் பகுதி பகுதியாகத் தடுத்து, வடிகால் வாயை அடைத்து, தளம் தாங்கும் அளவுக்கு நீரைத் தேக்கி வைத்துப் பார்க்கும் சோதனை உங்களுக்குத் தெரிந்ததே. ஒவ்வொரு பகுதியிலும் வேறு நிறச் சாயம் கலந்தால், கீழே இறங்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் தெளிவாகும். சோதனை நாளில் இரு தரப்பு ஆட்களும் கூட இருக்கட்டும். அதுவரை நாங்கள் அந்த இடங்களில் ஒட்டு வேலை செய்ய மாட்டோம். ஆபத்தான காரை விழும் நிலையில் இருந்தால் மட்டும், தேதியுடன் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு அகற்றுவோம்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சமரசத்தில் பேசுவது ரகசியம், பேச்சு முறிந்தாலும் அதை வழக்கில் எடுத்துக்காட்டக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. பொறியாளரின் அறிக்கைக்கும் அது பொருந்துமா? இதைப் பேசாமல் விட்டால், அறிக்கை யாருக்குச் சாதகமோ அவர் வெளியே காட்டப் பார்ப்பார், மற்றவர் தடுப்பார். அப்புறம் அதற்கே தனிச் சண்டை வரும். எங்கள் யோசனை இது: அறிக்கையை இரு தரப்பும் நீதிமன்றத்தில் பயன்படுத்தலாம், அதை வைத்துக்கொண்டு அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வெளியே போகக் கூடாது. நீங்கள் வேறு மாதிரி விரும்பினால் சொல்லுங்கள், பேசி எழுதிக்கொள்வோம்.

சமரசரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் மூன்று பெயர் தாருங்கள், நாங்கள் மூன்று தருகிறோம். இரண்டு பட்டியலிலும் இருப்பவரையோ, இரு தரப்பும் மறுப்பில்லை என்பவரையோ எடுப்போம். அமையவில்லை என்றால், ஒரு சமரச மையத்திடமே நியமனத்தை விட்டுவிடலாம். எந்தத் தரப்புடனாவது முன்பு தொழில் தொடர்பு இருந்தால் அவர் முதலிலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் நம்மைத் தனித்தனியாகச் சந்திக்கும் நேரமும் இருக்கும். அதில் சொன்னதை நம் அனுமதி இல்லாமல் மறு தரப்பிடம் சொல்ல மாட்டார் என்பதால், உண்மையான சிரமங்களை அங்கே மனம் திறந்து சொல்லலாம்.

உங்களிடம் நான் மிக வலியுறுத்திக் கேட்பது, யார் வருகிறார் என்பதைத்தான். சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள பங்குதாரர் ஒருவர் நேரில் வர வேண்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் மட்டும் வந்தால், ஒரு நாள் முழுக்கப் பேசி எட்டிய இடம் மறுநாள் கரைந்துவிடும். எங்கள் பக்கம் இது இன்னும் கடினம், ஏனென்றால் இத்தனை வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும். அதனால் பேச்சுக்கு முன்பே பொதுக்குழுவைக் கூட்டி, எங்கள் சார்பில் வரும் மூன்று பேருக்கு எந்த எல்லை வரை ஒப்புக்கொள்ளலாம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றித் தந்துதான் அனுப்புவோம்.

வழக்குப் போட்டால் எங்களுக்குக் கிடைக்கக்கூடியது இழப்பீட்டுத் தொகையோ, பழுதைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவோதான். எந்த வீட்டில் முதலில் வேலை தொடங்குவது, கூரையைக் கொத்தும் நாட்களில் அந்தக் குடும்பம் எங்கே தங்குவது, தகடுகளை யார் கழற்றி மாட்டுவது, புதிய பூச்சுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையெல்லாம் நாம்தான் உட்கார்ந்து வகுக்க முடியும். துளைகளால் வந்த கசிவு என்று தெரியும் பகுதியின் செலவை அந்த வீட்டுக்காரர்கள் ஏற்பது, மற்ற பகுதியை நீங்கள் ஏற்பது, ஆனால் மாடி முழுவதையும் ஒரே ஒப்பந்ததாரர் ஒரே முறையில் செய்து உத்தரவாதம் தருவது போன்ற வழிகள் அங்கே பேசத்தக்கவை. இது எங்கள் முன்மொழிவு அல்ல, எப்படி யோசிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டுமே.

இனி காலக்கெடு. வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம், பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகத் தானாக நின்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது. நாங்கள் அவசரப்படுவதுபோல் தெரிந்தால் காரணம் அதுதான், உங்கள் மீதான அவநம்பிக்கை அல்ல. பேச்சு தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். சட்டப்படி அது செல்லுமா என்பதை இரு தரப்பு வக்கீல்களும் பார்த்துச் சொல்லட்டும். செல்லாது என்றால், உரிமையைக் காப்பதற்காக மட்டும் வழக்கைப் பதிவு செய்துவிட்டு, பேச்சு முடியும்வரை நிறுத்தி வைக்குமாறு நாமே சேர்ந்து கேட்போம். அப்படிப் பதிவு செய்ய நேர்ந்தால் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உடன்பாடு எட்டினால், அன்றே, அந்த அறையிலேயே எழுதிக் கையெழுத்திடுவோம். "கசிவைச் சரிசெய்வார்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பகுதி, என்ன முறை, எந்தத் தேதிக்குள், முடிந்ததென்று யார் சோதித்துச் சொல்வது, தவறினால் என்ன என்பது வரை இருக்க வேண்டும்.

இந்த மடல் வந்து சேர்ந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். சம்மதம் என்றால் மூன்று பெயர்களை இணையுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் எந்தப் பத்தியில் என்று குறிப்பிடுங்கள். வேண்டாம் என்றாலும் காரணத்தை எழுதுங்கள், பொதுக்குழுவில் அதை அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்