கிராபர் சுமந்து போன எண்ணெய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். டிராக்டருக்கும் லோடருக்கும் ஒரே எண்ணெய் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை, எல்லா வேலையும் செய்கிற எண்ணெய் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யாது என்று அவர் எழுதியிருந்தார். நான் பகாவ் பக்கத்தில் தோட்ட ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சென்ற வருடம் ஒரு குத்தகைக்காரர் செம்பனைத் தோட்டத்திலிருந்து டிராக்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டுகிற தம்பி சொன்னது இதுதான்: “பிரேக்கைத் தொட்டா மாடு கத்துற மாதிரி கத்துதுண்ணே. நிக்கப் போற நேரத்துல சீட்டே ஆடுது.” என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். ஹைட்ராலிக் எண்ணெய்தான், 68 நம்பர், நல்ல கம்பெனி, புது டின் என்றார்கள். டின்னையும் காட்டினார்கள். எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது போக வேண்டிய இடம் அதுவல்ல.

விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. சாதாரண டிராக்டரில் அப்படிக் கிடையாது. சீட்டுக்குக் கீழே இருக்கும் கியர் பெட்டியும் பின் அச்சுக் கூடும்தான் தொட்டி. கியர் பற்கள், டிஃபரன்ஷியல், எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகள், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ கிளட்ச் எல்லாம் அந்த ஒரே குளத்தில் கிடக்கின்றன. கலப்பையைத் தூக்கும் பம்பும், முன்னால் லோடர் மாட்டினால் அதன் சிலிண்டர்களும், பின்னால் குலை அள்ளும் கிராபரும் அதே குளத்திலிருந்துதான் எண்ணெயை உறிஞ்சுகின்றன. ஆக, ஒரே எண்ணெய் என்பது கடைக்காரர் எடுத்த முடிவல்ல. டிராக்டரைச் செய்தவன் பாத்திரத்தை ஒன்றாக வைத்தபோதே எடுத்துவிட்ட முடிவு.

அந்தப் பாத்திரத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். பம்புக்கு மெல்லிய, நுரைக்காத எண்ணெய் வேண்டும். கியருக்கு, பல்லும் பல்லும் அழுத்தும்போது கிழியாத படலம் வேண்டும். கியர் ஆயிலையே ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 90 நம்பர் கியர் ஆயில் காலையில் பம்புக்கு ஏறாமல் அதை அலற வைக்கும். அதிலுள்ள கந்தகக் கலவை, சூடு ஏறினால் பம்பில் இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களைத் தின்னும்.

பிரேக் கேட்பது இன்னும் நுணுக்கமானது. உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கி, எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும். மிதித்தால் ஒன்றோடொன்று இறுகும். வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் தட்டுகளின் பிடி திடீரென்று கூடினால், அவை ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அந்தத் தம்பி சொன்ன மாட்டுக் கத்தல் அதுதான். இதைத் தடுக்கத்தான் டிராக்டர் எண்ணெயில் உராய்வைப் பக்குவப்படுத்தும் மருந்து ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது உலோகத்தின் மேல் மெல்லிய பூச்சுபோலப் பிடித்துக்கொண்டு, பிடி சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. அளவு கூடினாலும் ஆபத்துதான், தட்டுகள் வழுக்கி வண்டி நிற்காது. சாதாரண 68 எண்ணெயில் பம்பின் தேய்மானத்துக்கு மருந்து உண்டு, இந்த மருந்து கிடையாது.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. 1970-இல் அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் சேர்த்த பிறகு மாற்று மருந்து தேட வேண்டியதாயிற்று. அந்தக் கொழுப்பு சேர்ந்த பழைய ஜான் டியர் டிராக்டர் எண்ணெயின் ‘303’ என்ற எண்ணை மட்டும் போட்டு மலிவு டின் யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது காலாவதியான தரம், எதற்கும் உத்தரவாதம் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் டிராக்டரைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அதே குத்தகைக்காரரின் இரண்டாவது டிராக்டரும் முனக ஆரம்பித்துவிட்டது. சத்தம் குறைவுதான், ஆனாலும் அதே சத்தம். அதில் யாரும் தப்பான எண்ணெயை ஊற்றவில்லை என்று மண்டோர் சத்தியம் செய்தார். டின்னையும் காட்டினார். சரியான எண்ணெய்தான். எனக்கு ஒரு நாள் முழுக்கப் புரியவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் கிராபரை ஒரு டிராக்டரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவதைப் பார்த்ததும் பிடிபட்டது. இரண்டு டிராக்டருக்கும் ஒரே கிராபர். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மாட்டுகிறார்கள்.

அந்தக் கிராபரில் நான்கு சிலிண்டர்கள். உள்விட்டம் 8 செ.மீ., தண்டின் விட்டம் 4 செ.மீ., நீளும் தூரம் 50 செ.மீ. தண்டு உள்ளே இழுத்திருக்கும்போது தண்டுப் பக்கத்து இடத்தில் எண்ணெய் நிறைந்திருக்கும். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 1.9 லிட்டர் வருகிறது. நான்குக்கும் ஏழரை லிட்டர். தண்டு நீண்டிருந்தால் மறுபக்கம் நிறைந்து இன்னும் கூடும். ஹோஸில் இருப்பது தனி. அந்த டிராக்டரின் கொள்ளளவு 45 லிட்டர். ஒவ்வொரு முறை கிராபர் கைமாறும்போதும் ஒரு டிராக்டரின் எண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவு அடுத்த டிராக்டருக்குப் போயிருக்கிறது. இரண்டு மாதம் இப்படியே மாறினால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கலவைதான் இருக்கும்.

கடிதம் எழுதிய வாசகர் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஹோஸைக் கொளுவியில் மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு கருவியும், டிப்பர் டிரெய்லர் உட்பட, எண்ணெயைச் சுமந்து போகிற டின்தான். ஒரு தோட்டத்தில் டிராக்டருக்கு ஒன்று, லோடருக்கு ஒன்று என்று வைத்தாலும் கருவிகள் கலந்துவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்றை வைப்பதுதான் புத்தி. அந்த வகை எண்ணெயைத்தான் யுடிடிஓ என்கிறார்கள். டின்னின் பின்பக்கம் ஜான் டியரின் ஜே20சி, மாஸி ஃபெர்குசனின் எம்1145 போன்ற தரங்கள் எழுதியிருக்கும். உங்கள் டிராக்டரின் புத்தகத்தில் இருக்கும் தரம் அந்த வரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தடிப்பில் அது பெரும்பாலும் 46-க்கும் 68-க்கும் நடுவில் நிற்கும் (அந்த எண்கள் 40 டிகிரி சூட்டில் எண்ணெயின் தடிப்பைக் குறிப்பவை). அதனால் தனித் தொட்டி உள்ள லோடரின் பம்பும் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் 68 ஹைட்ராலிக் எண்ணெயை டிராக்டரின் வயிற்றில் ஊற்றக் கூடாது. இது ஒருவழிப் பாதை.

எங்கள் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் சூடாக இருக்கும்போது, தூக்கும் கைகளைத் தாழ்த்திவிட்டு வடித்தோம். 45 லிட்டரில் 38 தான் வந்தது. மீதி 7 லிட்டர் அச்சுக் கூட்டின் மூலைகளில் தங்கிவிடும். அதாவது ஒருமுறை மாற்றினால் தப்பான எண்ணெய் நூற்றுக்குப் பதினாறு மிச்சம். மறுமுறை மாற்றினால் இரண்டரைக்குக் கீழே. முதல் டிராக்டருக்கு இரண்டு முறை மாற்றினோம், நடுவில் ஒரு நாள் வேலைக்கு விட்டோம். இரண்டாவதில் பாதிதான் கலந்திருந்தது, ஒருமுறை போதும் என்று முடிவெடுத்தேன். ஃபில்டர் இரண்டிலும் புதிது. கிராபரின் ஹோஸ்களைக் கழற்றி, சிலிண்டர்களை இரண்டு பக்கமும் நகர்த்தி, உள்ளே இருந்ததைத் தோம்பில் வடித்தோம். இந்த வேலையை விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

சோதித்தது இப்படி. எண்ணெய் சூடேறியதும் இடது, வலது பிரேக் மிதிகளைக் கோக்கும் கொக்கியை எடுத்துவிட்டு, வெறும் மைதானத்தில் மிகக் குறைந்த கியரில் ஊர்ந்தபடி ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்த வேண்டும். கடைசி அரைச் சுற்றில் அதிர்ந்தால் எண்ணெயில் சந்தேகம். ஒரே பக்கம் மட்டும் அதிர்ந்தால் எண்ணெயல்ல, அந்தப் பக்கத் தட்டு. எங்கள் நல்ல நேரம், சத்தம் போய்விட்டது. மாதக்கணக்கில் விட்டிருந்தால் தட்டின் முகம் கண்ணாடிபோல வழுவழுத்திருக்கும். அப்புறம் எந்த எண்ணெயாலும் சரியாகாது, பின் அச்சைப் பிரிக்க வேண்டியதுதான். நிறத்தைப் பார்த்தோ விரலில் தேய்த்தோ கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டு எண்ணெயும் ஒரே தேன் நிறம்.

இனி அந்த வாசகர் சொன்ன கால்வாசி உண்மை. வாய்க்கால் தோண்டும் எங்கள் மூன்று டன் மினி எக்ஸ்கவேட்டரில் இந்தப் பொது எண்ணெயை நான் ஊற்றுவதில்லை. பம்பு ஏற்காது என்பதல்ல காரணம், தண்ணீர்தான் காரணம். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொட்டி இரவில் குளிரும்போது ஈரக் காற்றை இழுக்கும், அது உள்ளே தண்ணீராக இறங்கும். சாதாரண 46 எண்ணெய் தண்ணீரைத் தன்னிடமிருந்து பிரித்துக் கீழே தள்ளிவிடும். காலையில் எஞ்சினைப் போடுமுன் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும், பிறகு எண்ணெய் வரும், உடனே இறுக்கிவிடலாம். மழைக் காலத்தில் அரை டம்ளர்வரை வந்திருக்கிறது. டிராக்டர் எண்ணெய் கொஞ்சம் தண்ணீரை விடாமல் தனக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். டிராக்டரில் அது நல்லதுதான், தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி பேரிங்கில் துருப் பிடிக்காது. எக்ஸ்கவேட்டர் தொட்டியிலோ அது வெளியேறவே வழியில்லாமல், சில மாதத்தில் தே தாரேக் நிறத்துக்கு வந்துவிடும். தோட்டத்தில் வேறு எண்ணெயே இல்லாமல் அவசரத்துக்கு ஊற்றிவிட்டால் குடி முழுகாது. புத்தகம் அனுமதித்தால் முழுக்கவும் அதையே போடலாம், பாதிப் பாதி கலக்காதீர்கள். எக்ஸ்கவேட்டரை நகர்த்தும் டிராவல் மோட்டாரின் கியருக்குத் தனி எண்ணெய், அதை இதில் சேர்க்க வேண்டாம்.

எஞ்சினுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் என்று எஸ்டிஓயு ஒன்றும் விற்கிறார்கள். பழைய டிராக்டர்களுக்கு ஒத்துவரும். புது எஞ்சின்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குத்தகைக்காரரின் கொட்டகையில் இப்போது இரண்டு தோம்புகள்தான். டிராக்டர் தோம்பின் மூடியிலும், டிராக்டர்களின் எண்ணெய் வாயிலும், கிராபரின் கொளுவியிலும் மண்டோர் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார். எக்ஸ்கவேட்டருக்குச் சிவப்பு.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
பகாவ், நெகிரி செம்பிலான்