அவள் பேசியது வேறு, நீங்கள் அச்சிட்டது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஒரு வேளாண் கல்லூரியின் பிரிவு உபசார விழா பற்றிச் செய்தி வந்திருந்தது. இறுதியாண்டு மாணவர்கள் சார்பில் பேசியவள் என் மகள். "நெல்மணியையே பார்த்திராத வடசென்னைப் பெண் கண்ணீருடன் விடைபெற்றார்" என்று போட்டிருந்தீர்கள். விழாவுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். அவள் அழவில்லை. அதை விடுங்கள், நெல்லைப் பார்த்ததில்லை என்று தங்களிடம் யார் சொன்னது?

எங்கள் வீடு மாதவரத்தில். நான் செங்குன்றத்தில் நெல் மண்டியில் வேலை பார்க்கிறேன். அங்குள்ள அரிசி ஆலைகளைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்த நெல்லை உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி, அரிசியைக் கடித்துப் பார்ப்போம். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். இதெல்லாம் என் மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே அத்துப்படி. விடுமுறையில் என்னோடு மண்டிக்கு வந்து பதர் எது, மணி எது என்று பிரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

வடசென்னை என்றாலே வெள்ளம், 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, இல்லாவிட்டால் ஒரு வெட்டுக்குத்து வழக்கு. இவற்றுக்குத்தான் தங்கள் பத்திரிகையில் இடம். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறி விவசாயக் கிணறுகள் உப்பானதைப் பற்றி இரண்டு முறை கடிதம் எழுதினேன், ஒன்றும் வரவில்லை. எங்கள் பக்கமும் வயல் இருக்கிறது, பயிர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே தங்கள் நிருபருக்குத் தெரியாதா?

சரி, அவள் பேச்சுக்கு வருகிறேன். நன்றி சொன்ன இரண்டு வரியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டீர்கள். வெட்டியதுதான் பேச்சே.

இறுதியாண்டில் இவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். இவள் குழு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனது. நெல் விதையை உப்புக் கரைசலில் போட்டுத் தரம் பிரிப்பதை அங்கே செய்து காட்டினார்கள். தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். அவ்வளவுதான் பதிவேட்டில் இருந்தது. கொஞ்சம் உப்பு போட்டதுமே முட்டை மேலே வந்துவிட்டது. விதையைக் கொட்டினார்கள். ஒரு பிடி பதர் மட்டும் மிதந்தது.

வீட்டுக்காரப் பாட்டி அடியில் கிடந்த நெல்லில் சிலதை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினாராம். பாதிதான் பால் பிடித்திருந்தது. "முட்டை என்னைக்கு வாங்குனது?" என்று கேட்டிருக்கிறார். பழைய முட்டைக்குள் காற்று அதிகம், உப்பு போதாத தண்ணீரிலும் மிதந்துவிடும். அரைகுறை மணிகள் தப்பித்து அடியில் போய்த் தங்கிவிடும். அவற்றை விதைத்தால் நாற்று வலுவாக வராது.

அன்று வைத்த புது முட்டையைப் போட்டு மறுபடி கரைத்தபோது, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ வரை உப்பு பிடித்தது. முட்டையின் தலை பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரிந்தது. அப்புறம் கொட்டிய விதையில் அரைகுறை எல்லாம் மிதந்துவிட்டது. அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினார்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் நுண்ணுயிர்ப் பொடி போட்டு ஊறவைத்தது இதற்குப் பிறகுதான். முன்னாலேயே கலந்தால் எல்லாம் உப்புத் தண்ணீரோடு போய்விடும்.

"நாலு வருஷம் படித்த எங்களில் ஒருவருக்கும் முட்டை புதிதா என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் போகிறவர்கள் கேளுங்கள்" என்று தம்பி தங்கைகளைப் பார்த்துச் சொன்னாள். மேடையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். தங்கள் நிருபர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பெற்றவன் என்பதால் எழுதவில்லை. தங்கள் பத்திரிகையைப் படிக்கிற விவசாயிகளுக்கு அவளுடைய கண்ணீரால் என்ன பயன்? முட்டை விஷயம் தெரிந்தால் ஒரு நாற்றங்காலாவது ஒழுங்காக வரும்.

தலைப்புக்கு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை. சம்பாவுக்கு விதை எடுக்கும் முன் அந்த உப்புக் கரைசல் பகுதியை மட்டும் உள்ளபடி வெளியிடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் என்னைப் பற்றிய வரிகளை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மாதவரம்