ஆச்சியோடு வந்த பையனும் அப்பா கேட்ட ஷீட்டும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. வள்ளியூர்க் கிளினிக்கில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டதாமே, சந்தோஷம். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் பெற்றவர்களுக்கு எதைக் காட்டுவது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். அம்பாசமுத்திரத்தில் என்னிடம் வந்த ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

பதினாறு வயது. கீழ் இடது கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி வந்தான். கூட்டி வந்தது ஆச்சி. அப்பா துபாயில், அம்மாவுக்கு அன்றைக்கு பீடிக் கடையில் கணக்குக் கொடுக்கிற நாள். முதல் கேள்வி, ஆச்சி கையெழுத்து போதுமா என்பது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையின் சம்மதம் செல்லாது என்று பாரதிய நியாய சன்ஹிதா 28-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. இவன் வயதுக்காரர்கள் நடுவில் மாட்டுகிறவர்கள். அந்தப் பிரிவு இவர்களைத் தடுக்கவில்லை, ஆனால் மேஜர் ஆவது பதினெட்டில்தான். அதனால் என்ன வேலை, எவ்வளவு அவசரம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பல்லைத் திறந்து சீழை வடிய விடுவது அன்றைக்கே செய்தாக வேண்டியது. அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, என்ன செய்யப் போகிறேன், ஏன், பிறகு என்ன ஆகலாம் என்று சொல்லி, நர்ஸைச் சாட்சியாக வைத்து, பேசிய நேரத்தோடு ஷீட்டில் எழுதினேன். பையனிடமும் தனியாகக் கேட்டேன். அவன் தலையாட்டாமல் ஊசியை எடுக்கவில்லை. பல்லைப் பிடுங்குவதா, வேர்ச் சிகிச்சையா என்பதை அம்மா நேரில் வரும்வரை தள்ளி வைத்தேன். பிடுங்கின பல்லைத் திரும்ப நட முடியாது பாரு.

இனிதான் நீ கேட்ட விஷயம். கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தால், உள்பக்கம் தண்ணியில் ஊறின விரல்தோல் மாதிரி வெள்ளையாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதை ஒட்டி முன்பல் இரண்டில் ஈறு இறங்கியிருக்கிறது. உதட்டுக்குள் ஒதுக்குகிற புகையிலைப் பை விட்ட தடம் அது. எக்ஸ்ரே எடுக்க ஆச்சியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வது வழக்கம்தானே, அந்த இடைவெளியில் நர்ஸ் கூட இருக்க பேச்சைத் தொடங்கினேன். "அப்பாட்ட சொல்லிராதீங்க டாக்டர்" என்றான். நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில்தான், ஏட்டி, பலபேர் "சரிடா, சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கக்கூடாது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ பேசுறத நானாப் போயி யாருட்டயும் சொல்லமாட்டேன். ஆனா வாயில பாத்தத ஷீட்ல எழுதித்தான் ஆகணும், அம்மா அப்பா கேட்டா அதக் காட்டணும். உன் உசுருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னத் தொட்டுத் துன்பப்படுத்துனாலோ நான் சும்மா இருக்க முடியாது." கடைசியில் சொன்னது போக்சோ. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெற்றவர்கள் வேண்டாம் என்றாலும் அது மாறாது.

ஷீட்டில் எழுதியது: புண்ணின் இடம், அளவு, நிறம், புகையிலை ஒதுக்கும் பழக்கம், விடச் சொன்னது, திரும்ப வர வேண்டிய தேதி. எந்தக் கடையில் வாங்கினான், எந்தக் கூட்டாளி பழக்கினான் என்றெல்லாம் சொன்னான், அதை எழுதவில்லை. வைத்தியத்துக்கு அது தேவையில்லை. புண்ணை எழுதாமல் விட்டிருந்தால் தப்பு. நாளைக்கு வேறொரு டாக்டர் பார்த்தால் அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டாமா? பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வெளுப்பு போய்விடும். போகாவிட்டால் பயாப்சி, அதற்குப் பெற்றவர் கையெழுத்தில்லாமல் நான் கத்தியை எடுக்கமாட்டேன். இதையும் அவனிடமே சொன்னேன்: "அடுத்த தடவ அம்மா வருவாக, நீயே சொல்லிரு. நான் பக்கத்துல இருக்கேன்."

இரண்டு நாளில் துபாயிலிருந்து போன். "பையன் ரிப்போர்ட் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க." அப்பா காப்பாளர், கேட்க உரிமை உண்டு. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று நம் பல் மருத்துவர் நடத்தை விதியும் இருக்கிறது. ஆனால் போனில் வருகிற குரல் அப்பாவுடையதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கேட்கச் சொன்னேன், அம்மா கையில் தருவதாகச் சொன்னேன். ஷீட் நகல், எக்ஸ்ரே, பில். "வேற என்னவெல்லாம் சொன்னான்?" என்றதற்கு, "அத அவன்ட்ட கேளுங்கண்ணே" என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு. அதற்கிடையில் ஸ்கூல் வாத்தியார் ஒருவரும் அக்கறையாகத்தான் விசாரித்தார். அவருக்கு, பையன் இங்கே வந்தானா இல்லையா என்பதைக்கூடச் சொல்லவில்லை.

அம்மா வந்த அன்று, நகலைக் கையில் கொடுப்பதற்கு முன் அவனைப் பார்த்தேன். அவனே சொன்னான். நாளெல்லாம் புகையிலைத் தூளில் கைவைத்து உட்காருகிற பொம்பள, ஒரு வார்த்தை திட்டவில்லை, வேர்ச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எப்ப மறுபடி காட்டணும்?" என்று கேட்டாள். நாலு வாரம் கழித்துப் பார்த்தபோது வெளுப்பு பாதிக்கு மேல் போயிருந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன்னிடம் சம்மதப் படிவம் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறாயா? பிள்ளை கையெழுத்துக்குத் தனியாக ஒரு வரி விட்டிருந்தால் ஒரு நகல் அனுப்பு. என்னுடையதில் அது இல்லை, இப்போதைக்கு கையாலேயே கோடு போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
செண்பகம்