நூறு மணி நேரத்துக்கு நான் எங்கேடா போவேன்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்தில்,

பதிலே காணோம் என்று திட்டி எழுதியிருந்தாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, பாப்பா யுகேஜி போகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கேமை முடித்துவிட்டேன்டா! முழுசாக, கடைசியில் பெயர்கள் ஓடி முடியும் வரைக்கும்.

குரோனோ டிரிகர். 1995இல் வந்தது. அதுவும் போனில். சிரிக்காதே. தள்ளுபடியில் பெர்சோனா 5 ராயலை வாங்கிப் போட்டுவிட்டு, "தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் மனசு குத்துகிறது" என்று மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து புலம்புகிறவன் நீ.

கணக்கைப் பார். உனக்கும் எனக்கும் வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். பெர்சோனாவுக்கு நூறு மணி நேரம் என்றால் அரை வருஷம் ஆகும். குரோனோவுக்கு இருபது, இருபத்தைந்து மணி நேரம், அதாவது ஒன்றரை மாதம். ஆனால் நம்மைக் கொல்வது நீளம் இல்லை, இடைவெளி. அந்த அரை வருஷத்துக்குள் ஆடிட்டிங் வரும், ஒரு கல்யாணம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனால் கேம் அங்கேயே நிற்கிறது, நமக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லை.

குண்டு ரவிக்கு நடந்ததைக் கேள். பெர்சோனாவில் ஓக்குமுராவின் அரண்மனை என்று ஒன்று வரும், விண்வெளி நிலையம் மாதிரி. அங்கே காற்றறைக் கதவுகளை ஒன்றைத் திறந்து ஒன்றை மூடித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நடுவில் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்திருக்கிறான். எந்தக் கதவைத் திறந்தோம், எது பாக்கி, ஒன்றும் தெரியவில்லை. சேமிப்பது பாதுகாப்பு அறைகளில் மட்டும்தான். இடையில் கரண்ட் போய் முக்கால் மணி நேர ஆட்டமும் போயிற்று. இருந்தாலும் விடாமல் முடித்தான், பாவம். அப்புறம்தான் தெரிந்தது, கடைசிப் பகுதி அவனுக்கு வரவே இல்லை.

கதையைக் கெடுக்காமல் சொல்கிறேன். ராயலில் புதிதாகச் சேர்த்த ஜனவரி மாதக் கதை சும்மா வராது. பள்ளிக்கு மனநல ஆலோசகராக மருக்கி என்று ஒருவர் வருவார். கேமின் நாள்காட்டியில் நவம்பர் 18க்குள் அவருடைய நட்பை ஒன்பதாம் படிக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கதை பழைய பதிப்பு மாதிரியே டிசம்பரோடு முடிந்துவிடும். கேம் இதை உரக்கச் சொல்லாது. நாலு மாதம் ஆடியவன் ஞாபகம் வைத்திருக்கலாம், ஒரு வருஷம் இழுத்தவன் எங்கே வைத்திருப்பான்? ரவி இன்னும் "நான் முடித்தாயிற்று" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். நீ எதுவும் கேட்டுவிடாதே.

குரோனோவில் இந்தத் தொல்லை இல்லை. கதை பெரும்பாலும் ஒரே கோடாகப் போகும். பறக்கும் கால எந்திரம் கிடைத்த பிறகுதான் நாலு பக்கமும் திறக்கும். அங்கே நானும் பத்து நாள் விட்டுவிட்டேன். திரும்பி வந்து "காலத்தின் முடிவு" என்கிற இடத்தில் விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் கிழவரிடம் பேசினேன். இந்தக் காலத்தில் இது பாக்கி, அந்தக் காலத்தில் அது பாக்கி என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றும் பாப்பா தூங்கின பிறகு ஓர் இரவுக்குப் போதும்.

அதற்காகப் பெர்சோனாவைத் தொடாதே என்று சொல்லவில்லை. உண்மையில் அது துண்டு துண்டாக ஆட ஏற்ற கேம். ஒரு நாளில் பள்ளி விட்ட பிறகு ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை, அப்புறம் அறைக்கு வந்து சேமித்துப் படுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தாலும் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும். அரண்மனைகள்தான் சிக்கல். அவற்றை மட்டும் லீவு நாளுக்கு வைத்துக்கொள், நடுவில் நிறுத்தாதே. மருக்கி கூப்பிடுகிற நாளில் வேறு யாரோடும் போகாதே. ஆடிட்டிங் முடிந்த பிறகு ஆரம்பி. அவ்வளவுதான்.

மற்ற முப்பது கேம்களை மொய் நோட்டு மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்ப்பதை விடு. திருப்பிச் செய்தே தீர வேண்டும் என்று யாரும் உன் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. தள்ளுபடியில் கொடுத்த காசு கொடுத்ததுதான், ஆடினாலும் வராது, ஆடாவிட்டாலும் வராது. எனக்கும் இது புத்திக்குத் தெரிகிறது, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பட்டியலைத் திறந்தால் மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. போன வாரம் மூன்று கேமை நீக்கிவிட்டு, அதில் ஒன்றை மறுநாளே திரும்ப ஏற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை பாண்டி வருவதாக எழுதியிருக்கிறாய். வா. வரும்போது தீபாவளிக்கு எடுத்துப்போன கன்ட்ரோலரைக் கொண்டு வா, அது என்னுடையது.

அன்புடன்,
பாபு