புகாரியின் முதல் ஹதீஸிலிருந்தே தொடங்கலாமே, ஹஜ்ரத்

அரபுக் கல்லூரிகளில் ஹதீஸ் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயான் முடிந்ததும் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "ஹதீஸ்கள் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில்தான் உருவாயின என்கிறார்களே?" என்று கேட்டான். "அதெல்லாம் ஓரியண்டலிஸ்டுகளின் சதி, உட்கார்" என்றார் ஹஜ்ரத். பையன் உட்கார்ந்துவிட்டான். சந்தேகம் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

அவன் கேட்டதை நீங்கள் வருடா வருடம் நடத்தும் முதல் பாடத்திலேயே வைத்துப் பார்க்கலாம். "செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே" என்ற ஹதீஸை உமர் (ரலி) மிம்பரில் சொல்லக் கேட்டதாக அல்கமா சொல்கிறார். அல்கமாவிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ, அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரி. இதுவரை ஒற்றை இழை. யஹ்யாவுக்குப் பிறகுதான் மாலிக், சுஃப்யான் என்று ஏராளமான மாணவர்களாக விரிகிறது. உமர் (ரலி) இறந்தது ஹிஜ்ரி 23இல், யஹ்யா இறந்தது 143 வாக்கில்.

1950இல் ஓரியண்டலிஸ்ட் ஜோசப் ஷாக்ட் எழுதிய நூலின் வாதத்தை இதில் பொருத்தினால் இப்படி வரும்: தொடர்கள் எல்லாம் வந்து சேரும் அந்தப் பொதுப் புள்ளியில், அதாவது யஹ்யாவின் காலத்தில், ஹதீஸ் புழக்கத்துக்கு வந்தது, அதற்கு மேலே உள்ள பெயர்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை. பின்னால் வந்த டச்சு ஆய்வாளர் யுன்போல் இதை இன்னும் கூர்மையாக்கினார். மிம்பரில் ஊரறியச் சொன்னதை ஒரே ஒருவர் மட்டும் ஏன் அறிவிக்க வேண்டும் என்று கேட்டால், அதை அற்பமான கேள்வி என்று தள்ள முடியாது.

சொல்லப்போனால் அதை முதலில் கேட்டவர்கள் நம்மவர்கள்தான். உமர் சபையில் சொன்னபோது யாரும் மறுக்கவில்லையே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். மறுக்காததாலேயே அவர்களும் நபியிடம் கேட்டிருந்தார்கள் என்று ஆகாது என்ற பதிலை இப்னு ஹஜர் 'நுஸ்ஹத்துந் நழ்ர்' நூலில் பதிவு செய்கிறார். இதை அவர் 'கரீப்' என்றே வகைப்படுத்துகிறார். யஹ்யாவிடமிருந்து 700 பேர் அறிவித்தார்கள் என்ற பேச்சையும் அவர் அப்படியே விழுங்கவில்லை. தாம் தேடித் தேடியும் நூறைக்கூட நிரப்ப முடியவில்லை என்று எழுதுகிறார். இன்னொரு படி மேலே, அத்தைமீயைப் பற்றி இமாம் அஹ்மத், 'முன்கர்' ஹதீஸ்களை அறிவிக்கிறார் என்று சொன்னதாகப் பதிவு உண்டு. அஹ்மத் அந்தச் சொல்லை, துணை அறிவிப்பு இல்லாத தனித்த ஹதீஸுக்கும் பயன்படுத்துவார் என்பது இப்னு ஹஜரின் விளக்கம். ஆக, இழை ஒற்றையாக இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்தே, ஆளின் நேர்மையையும் மனன உறுதியையும் எடைபோட்டு ஏற்றார்கள்.

ஷாக்டின் இன்னொரு கருவி மௌனம்: ஒரு ஹதீஸ் தேவைப்படும் இடத்தில் முந்தைய நூல் அதைச் சொல்லாவிட்டால், அப்போது அது இல்லை. இமாம் மாலிக்கின் முவத்தாவில், நம்மிடையே பரவலாக ஓதப்படும் பிரதியில், அதாவது இன்னொரு யஹ்யாவான அல்லைஸீயின் பிரதியில், இந்த ஹதீஸ் இல்லை. முவத்தாவில் இருப்பதாகச் சொன்னவர்களை இப்னு ஹஜரே தவறு என்றார். ஆனால் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ அறிவித்த முவத்தாவில் இருக்கிறது! சுயூதி அதைச் சுட்டிக்காட்டினார். ஒரே ஆசிரியரின் ஒரே நூல், ஒரு பிரதியில் மௌனம், இன்னொன்றில் பேச்சு. மௌனத்தை வைத்துக் காலம் குறிப்பது எவ்வளவு வழுக்கல் என்று மாணவனுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பொதுப் புள்ளிக்கு என்ன பதில்? ஷாக்டை மறுத்து எழுதிய அஃழமி போன்றவர்கள் தொடக்க கால ஏடுகளைக் காட்டினார்கள். அது பொதுவாக வலுவானதே, ஆனால் இந்த ஒற்றை இழைக்கு நேரடிப் பதில் ஆகாது. ஹரால்ட் மோட்ஸ்கி என்ற ஜெர்மன் ஆய்வாளரின் பேச்சு இங்கே அதிகம் பொருந்துகிறது. பொதுப் புள்ளியில் இருப்பவர் புனைந்தவராக இருக்க வேண்டியதில்லை, வட்டம் கூட்டி முறையாகப் பாடம் நடத்திய முதல் தலைமுறை ஆசிரியராக இருக்கலாம் என்றார் அவர். மதீனாவில் காழியாக இருந்து, பின்பு இராக் போய்ப் பலருக்கு அறிவித்த யஹ்யாவுக்கு இது அப்படியே பொருந்தும். தமக்கு முந்தையவரில் ஒருவர் பெயரை மட்டும் அவர் சொல்லியிருந்தால், மேலே ஒற்றை இழை தெரிவதில் வியப்பு இல்லை.

இதன் எல்லையையும் மாணவனிடம் மறைக்காதீர்கள். இந்த வழி யஹ்யா புனையவில்லை என்பதற்கு இடம் தருகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து உமர் (ரலி) வரையான தூரத்தை அல்கமா, அத்தைமீ ஆகியோரின் நம்பகம்தான் தாங்க வேண்டும். 'ஸிகா', அதாவது நம்பகமானவர், என்று நாம் ஏற்கிற அந்தத் தீர்ப்பு பின்னால் வந்தவர்கள் கொடுத்தது என்பதுதான் மறுதரப்பின் மிச்சக் கேள்வி.

அடுத்த ஆண்டு புகாரியைத் திறக்கும்போது, அந்த முதல் ஹதீஸின் தொடரைப் பலகையில் வரைந்து, யஹ்யாவின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். ஷாக்ட் சொன்னதையும் இப்னு ஹஜர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பாடவேளை போதும். அந்தப் பையன் இனி எந்த பயானுக்கும் வருவானோ என்னவோ, உங்கள் மாணவர்களிடம் அவனைப் போல ஒருவன் கட்டாயம் கேட்பான்.

வஸ்ஸலாம்,
உங்கள் பயான்களைப் பின்வரிசையில் இருந்து கேட்கும் ஒருவன்